ஒன்றாம் தேதி வாடகைக்கும் மாதக் கடைசி வாடகைக்கும் நடுவே ஒரு மாத வட்டி

*"ஐயா, தொழிலுக்காக ஓர் இடத்தை மூன்று வருடத்துக்கு வாடகைக்கு எடுக்கப் போகிறேன். மாதம் 20,000. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதியே கொடுத்துவிட வேண்டும், முதல் வாடகை சாவி வாங்கும் அன்றே. உரிமையாளர், 'இன்றே மொத்தமாக 6,05,000 கொடுத்துவிட்டால் மூன்று வருடத்துக்கும் வாடகையே வேண்டாம்' என்கிறார். என் பணம் மாதம் 1% வட்டி வரும் கணக்கில் இருக்கிறது. எக்செலில் இன்றைய மதிப்பு போட்டுப் பார்த்தேன், 6,02,150 வந்தது. அப்படியானால் அவர் கேட்பது அதிகம்தானே? ஆனால் என் நண்பர் 6,08,172 என்கிறார். அக்கவுண்டன்ட் எழுதிக் காட்டியதோ 5,88,172. மூன்று பேரும் போட்டது அதே வட்டி, அதே வாடகை. யார் கணக்கு சரி? மொத்தமாகக் கொடுத்துவிடலாமா?"*

உங்கள் நண்பர் சொன்ன 6,08,172தான் இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தும். இன்றைய மதிப்பு என்பது, வட்டியும் சேர்ந்துகொண்டே வர, எல்லா வாடகைகளையும் கட்டி முடிக்க இன்று கணக்கில் இருக்க வேண்டிய தொகை. ஆகவே உரிமையாளர் கேட்பது 2,850 அதிகம் இல்லை, 3,172 குறைவு. எண்ணை மட்டும் பார்த்தால் மொத்தமாகக் கொடுப்பது உங்களுக்கு லாபம். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் ஒரு வரியைப் பார்த்தாக வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் எக்செல் எங்கே விலகிப் போனது என்று பார்ப்போம்.

சம இடைவெளியில் கட்டும் சமமான தொகைகளின் வரிசையை ஆனுவிட்டி என்கிறோம். ஒவ்வொரு காலத்தின் முடிவிலும் கட்டினால் அது ஆர்டினரி ஆனுவிட்டி. தொடக்கத்திலேயே கட்டினால் ஆனுவிட்டி டியூ. கடன் தவணை பெரும்பாலும் முதல் வகை: பணத்தை ஒரு மாதம் பயன்படுத்துகிறீர்கள், அந்த மாத வட்டி சேர்கிறது, பிறகு கட்டுகிறீர்கள். முன்கூட்டியே கொடுக்கும் வாடகையும் இன்சூரன்ஸ் பிரீமியமும் இரண்டாம் வகை: முதலில் பணம், பிறகுதான் இடமோ பாதுகாப்போ. எக்செலின் `PV` ஃபார்முலாவிடம் எந்த வகை என்று நீங்கள் சொல்லாவிட்டால், அது தானாகவே முதல் வகை என்று எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் காட்டாது. வரும் எண்ணும் பார்ப்பதற்கு நியாயமாகவே இருக்கும். அதனால்தான் இந்தப் பிழை கண்ணில் படுவதில்லை.

நீங்கள் போட்டது முதல் வரி, உங்கள் நண்பர் போட்டது இரண்டாம் வரி:

```
=PV(0.01, 36, -20000)          602150.10
=PV(0.01, 36, -20000, 0, 1)    608171.60
```

கடைசியில் இருக்கும் அந்த `1`தான் "மாதத் தொடக்கத்தில் கட்டுகிறேன்" என்று பொருள். அதற்கு முன் உள்ள `0`, வரிசை முடிந்தபின் மீதி எதுவும் இல்லை என்பதைச் சொல்கிறது. அதை விட்டுவிட்டு நேரே `1` என்று எழுதினால் எக்செல் அதை மீதித் தொகையாக எடுத்துக்கொண்டுவிடும், தொடக்கமா முடிவா என்பது பழையபடி முடிவாகவே நிற்கும். வாடகைக்கு முன்னால் உள்ள கழித்தல் குறி, பணம் உங்களிடமிருந்து வெளியே போகிறது என்பதற்கு.

இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள 6,021.50 எங்கிருந்து வந்தது? இதை இரண்டு வழியில் பார்க்கலாம். இரண்டையும் பார்த்துவிட்டால் இந்த விஷயத்தில் மறுபடி குழப்பம் வராது.

முதல் வழி, 36 வாடகைகளையும் ஒரு கோட்டில் வைத்துப் பார்ப்பது. இன்று என்பதை 0 என்று வையுங்கள். உங்கள் ஒப்பந்தப்படி வாடகை விழும் இடங்கள் 0, 1, 2 என்று போய் 35இல் முடியும். எக்செல் எடுத்துக்கொண்டதோ 1இல் தொடங்கி 36இல் முடியும் வரிசை. இரண்டிலும் 1 முதல் 35 வரையுள்ள வாடகைகள் அச்சு அசலாக ஒன்றே. வித்தியாசம் இரண்டு முனைகளில் மட்டும்தான். உங்கள் வரிசையில் இன்றைக்கு ஒரு 20,000 இருக்கிறது. அதற்கு வட்டிக் கழிவே கிடையாது, இன்று அதன் மதிப்பு 20,000தான். எக்செல் வரிசையில் அதற்குப் பதிலாக 36 மாதம் கழித்து ஒரு 20,000 இருக்கிறது. மாதம் 1% வட்டியில் அதன் இன்றைய மதிப்பு 13,978.50. 20,000இலிருந்து இதைக் கழித்தால் 6,021.50. அவ்வளவுதான் முழு வித்தியாசமும். மூன்று வருடக் கடைசியில் கட்ட வேண்டிய ஒரு வாடகையைத் தூக்கி இன்றைக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள், அதற்கான விலை அது.

இரண்டாம் வழி, வங்கிக் கணக்கை ஓட்டிப் பார்ப்பது. வாடகைக்கென்று தனியாக ஒரு கணக்கில் 6,02,150.10 போட்டுவைத்து, மாதக் கடைசியில் மட்டும் வாடகை கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். முதல் மாதம் முழுக்கப் பணம் கை படாமல் இருக்கும். அதற்கு வரும் வட்டி 6,021.50. ஆக முதல் வாடகை கட்டும் நிமிடத்தில் கணக்கில் 6,08,171.60 இருக்கும். எண்ணைக் கவனியுங்கள், உங்கள் நண்பர் சொன்னது இதுதான். முதல் வாடகை கட்டும் தருணத்தில் கணக்கில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் இரண்டு முறைக்கும் கருத்து வேறுபாடே இல்லை. மாதக் கடைசிக்காரருக்கு அந்தத் தொகையாக வளர ஒரு மாதம் கிடைக்கிறது. உங்களுக்கு அந்த மாதம் கிடையாது, சாவி வாங்கும் அன்றே அவ்வளவும் இருக்க வேண்டும். உங்கள் எக்செல், உங்களுக்கு வராத ஒரு மாத வட்டியை வந்ததாக எழுதிவிட்டது.

ஆகவே ஃபார்முலாவை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மாதக் கடைசிக் கணக்கை எப்படியாவது போட்டுவிட்டு, வரும் எண்ணை 1.01ஆல் பெருக்குங்கள். 6,02,150.10 × 1.01 = 6,08,171.60. வட்டி மாதம் அரை சதவீதமானால் 1.005ஆல் பெருக்க வேண்டும். எத்தனை மாதம் என்பது இந்தப் பெருக்கலில் வரவே வராது. 12 மாத வாடகையானாலும் 120 மாத வாடகையானாலும் வித்தியாசம் மாதக் கடைசி மதிப்பில் அதே 1 சதவீதம்தான்.

தொகையாகப் பார்த்தால் மட்டும் அது காலத்தோடு வளரும். உங்கள் 20,000 வாடகை ஒரு வருடத்துக்கு மட்டும் என்றால் வித்தியாசம் சுமார் 2,251. மூன்று வருடத்துக்கு 6,021. பத்து வருடத்துக்கு 13,940. முடிவே இல்லாமல் காலம் காலமாகக் கட்டினாலும் அது 20,000ஐத் தாண்டாது. காரணம் மேலே பார்த்த முதல் வழியிலேயே இருக்கிறது: வித்தியாசம் என்பது இன்றைய ஒரு வாடகைக்கும் கடைசி வாடகையின் இன்றைய மதிப்புக்கும் உள்ள இடைவெளி. கடைசி வாடகை எவ்வளவு தூரம் தள்ளிப் போனாலும் அதன் மதிப்பு சுழியம் வரைதான் இறங்க முடியும். யாராவது இந்த இரண்டு முறைக்கும் நடுவே ஒரு முழுத் தவணையை விடப் பெரிய வித்தியாசம் காட்டினால், கணக்கில் வேறு ஏதோ பிழை இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

மாத வாடகையில் இது சிறிய தொகைதான். இதே இடத்துக்கு வருட வாடகையாக 2,40,000ஐ வருடத் தொடக்கத்தில் கட்டச் சொன்னால் கதை வேறு. மாதம் 1 சதவீதம் கூட்டு வட்டியாக ஏறினால் வருடத்துக்கு 12.68 சதவீதம். மூன்று வருட வாடகையைத் தொடக்கத்தில் கட்டினால் இன்றைய மதிப்பு சுமார் 6,42,004, வருடக் கடைசியில் கட்டினால் 5,69,746. இடையே 72,258! மாத வாடகையில் வந்த வித்தியாசத்தைப் போல் சரியாகப் பன்னிரண்டு மடங்கு. கட்டும் மொத்தம் இரண்டிலும் அதே 7,20,000தான். தவணை பெரிதாக, இடைவெளி நீளமாக, "தொடக்கமா, முடிவா" என்ற கேள்வியின் எடை கூடிக்கொண்டே போகும். மாத வாடகைக்கு இதைப் போய் இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று சலிப்பவர்கள்கூட வருடத் தவணையில் இதைப் பார்க்காமல் விடக் கூடாது.

உங்கள் விஷயத்தில் சிறிய தொகையே முடிவைப் புரட்டிவிட்டதற்குக் காரணம், உரிமையாளர் கேட்ட 6,05,000 இரண்டு எண்களுக்கும் நடுவில் போய் விழுந்ததுதான்.

இது உண்மைதானா என்று எக்செலை நம்பாமல் சோதிக்க ஒரு வழி உண்டு. யார் என்ன எண் கொடுத்தாலும் நான் இப்படித்தான் சரிபார்ப்பேன். அந்த எண்ணைக் கணக்கின் ஆரம்ப இருப்பாக எழுதுங்கள். ஒப்பந்தத்தில் உள்ளபடி வாடகையைக் கழியுங்கள், மீதிக்கு வட்டி சேருங்கள், அடுத்த வாடகையைக் கழியுங்கள். எண் சரியாக இருந்தால் கடைசி வாடகை கட்டியதும் இருப்பு சுழியத்தில் நிற்க வேண்டும். நண்பரின் எண்ணை எடுப்போம்: 6,08,171.60இல் முதல் நாளே 20,000 போனால் மீதி 5,88,171.60. ஒரு மாத வட்டி 5,881.72 சேர்ந்து 5,94,053.32. அடுத்த 20,000 போனால் 5,74,053.32. இப்படியே இறங்கி 36ஆவது வாடகையோடு கணக்கு துல்லியமாகத் தீர்ந்துவிடும். உங்கள் 6,02,150.10ஐ வைத்து இதையே செய்தால் 35 வாடகைகள் வரை ஒரு தடையும் தெரியாது. 36ஆவது வாடகை கட்டும் நாளில் கணக்கில் 11,470தான் இருக்கும். 8,530 துண்டு விழும். இன்று விட்ட 6,021.50 முப்பத்தைந்து மாதம் வட்டியோடு வளர்ந்து அங்கே வந்து நிற்கிறது. பிழை இன்று நடந்தாலும் மூன்று வருடம் கழித்துத்தான் வெளியே வரும் என்பதுதான் இதில் உள்ள தொல்லை.

சரி, 5,88,172? உங்கள் அக்கவுண்டன்ட் தவறு செய்யவில்லை, அவர் வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். 6,08,171.60இலிருந்து முதல் நாள் கட்டிவிட்ட 20,000ஐக் கழித்தால் 5,88,171.60. இன்னும் கட்ட வேண்டிய 35 வாடகைகளின் இன்றைய மதிப்பு அது. குத்தகைகளைக் கணக்கில் எழுதுவதற்கான IFRS 16 விதிமுறை, தொடக்க நாளில் இன்னும் கட்டாமல் இருக்கும் தவணைகளின் இன்றைய மதிப்பைத்தான் கடன்பொறுப்பாகக் காட்டச் சொல்கிறது. அன்றே கட்டிய வாடகை பொறுப்பில் வராது. இடத்தைப் பயன்படுத்தும் உரிமையின் மதிப்பில் சேர்ந்துவிடும். புத்தகத்தில் எழுத அவர் எண் சரி. ஆனால் உரிமையாளர் கேட்கும் 6,05,000இல் முதல் வாடகையும் அடக்கம் என்பதால், அதோடு ஒப்பிட இந்த எண் உதவாது. ஒருவேளை உரிமையாளர் "முதல் வாடகையைத் தனியாகக் கொடுங்கள், மீதிக்குத்தான் 6,05,000" என்று சொல்லியிருந்தால் ஒப்பிட வேண்டியது இந்த எண்ணோடுதான், அப்போது அவர் பேரம் மோசமானது. வாய்ப்பேச்சில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் வந்திருந்தால் முதலில் அதைக் கேட்டுவிடுங்கள்.

எக்செலில் `NPV` என்ற ஃபார்முலாவைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே பள்ளம் உண்டு. அது பட்டியலில் உள்ள முதல் தொகையையே ஒரு மாதம் தள்ளித்தான் எடுத்துக்கொள்ளும். 36 வாடகைகளையும் அதற்குள் போட்டால் உங்கள் பழைய 6,02,150தான் வரும். முதல் வாடகையை வெளியே கூட்டிவிட்டு மீதி 35ஐ மட்டும் உள்ளே கொடுக்க வேண்டும். நிதிக் கால்குலேட்டர் வைத்திருப்பவர்கள் திரையில் `BGN` அல்லது `BEGIN` என்று தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்தால் அது மாதத் தொடக்க முறையில் இருக்கிறது. வாடகைக் கணக்கு முடிந்ததும் அதைப் பழைய நிலைக்கு மாற்ற மறந்துவிட்டு அடுத்து கடன் கணக்கு போடுபவர்கள் ஏராளம். பிழை அப்போது எதிர்ப்பக்கம் விழும்.

இனி வட்டி விகிதம். தொடக்கமா முடிவா என்பதை விட உங்கள் தீர்மானத்தை அதிகம் ஆட்டக்கூடியது இதுதான். ஒன்றாம் தேதி முறையிலேயே, மாத வட்டியை வருடத்துக்கு 11 சதவீதத்தின் பன்னிரண்டில் ஒரு பங்காக வைத்தால் வாடகைகளின் இன்றைய மதிப்பு 6,16,497. 13 சதவீதமானால் 6,00,009. அதாவது ஒரு சதவீத மாற்றமே எட்டாயிரத்துக்கு மேல் நகர்த்துகிறது. 6,05,000 என்பது சுமார் 12.4 சதவீதத்தில் சமன் ஆகிறது. உங்கள் பணம் வரி போக அதற்கு மேல் ஈட்டினால் மாதாமாதம் கட்டுவதே மேல். அதற்குக் கீழ் என்றால் மொத்தமாகக் கொடுக்கலாம். உங்கள் கணக்கில் வட்டி உண்மையில் மாதம் 1 சதவீதம்தானா, அல்லது வருடத்துக்கு "12 சதவீதம்" என்று சொன்னதை நீங்கள் அப்படிப் பிரித்துக்கொண்டீர்களா என்றும் பாருங்கள். வருடக் கூட்டு வட்டியாக 12 சதவீதம் என்று பொருள் இருந்தால் மாதத்துக்கு 0.949 சதவீதம்தான் வரும், வாடகைகளின் மதிப்பு 6,13,260ஆக ஏறிவிடும். அந்த விகிதத்தில் மாதக் கடைசி முறையில் போட்டால்கூட 6,07,495. மொத்தத் தொகை இரண்டு வழியிலும் மலிவாகத் தெரியும்.

வாடகையை ஐந்தாம் தேதி வரை கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால்? அப்போதும் அது மாதத் தொடக்க வகைதான். நான்கு நாள் வட்டி மட்டும் உங்களுக்கு மிஞ்சும், இன்றைய மதிப்பில் சுமார் 800 குறையும். 3,172 லாபத்தில் கால் பங்கு அதில் போய்விடுகிறது, எனவே உண்மையில் எந்தத் தேதியில் கட்டுவீர்கள் என்பதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

உரிமையாளரிடம் பேரம் பேச இன்னொரு வழியும் இருக்கிறது. மாதாமாதமே தருகிறேன், ஆனால் மாதக் கடைசியில் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். அவர் வாடகையை 20,200ஆக உயர்த்தினால் இருவருக்கும் சமம், ஏனெனில் 20,000ஐ 1.01ஆல் பெருக்கினால் அதுதான். 20,200க்குக் கீழே ஒப்புக்கொண்டால் உங்களுக்கு லாபம். 20,000க்கே ஒப்புக்கொண்டால் உங்கள் பழைய 6,02,150 உண்மையாகிவிடும், அப்போது 6,05,000 கொடுக்க வேண்டாம்.

இப்போது அந்த ஒரு வரி. நடுவில் இடத்தைக் காலி செய்தால் மீதிப் பணம் எப்படித் திரும்பும்? பெரும்பாலும் "மீதமுள்ள மாதங்களுக்கு ஏற்ற விகிதத்தில்" என்று எழுதுவார்கள். நேர்மையாகத் தோன்றும் வரி. 18 மாதம் இருந்துவிட்டு 19ஆவது மாதத்தின் முதல் நாளில் கிளம்புகிறீர்கள் என்று வையுங்கள். அந்த வரியின்படி 6,05,000இல் பாதி, 3,02,500 கிடைக்கும். ஆனால் அதே 6,05,000ஐ உங்கள் கணக்கிலேயே வைத்து மாதாமாதம் ஒன்றாம் தேதி 20,000 கட்டியிருந்தால், அன்று கணக்கில் 3,27,451 இருந்திருக்கும். ஏறக்குறைய 24,950 நட்டம். இன்றைய 3,172 லாபத்துக்காக இந்த அபாயத்தை ஏற்பதா என்பது மூன்று வருடமும் அங்கே இருப்பீர்கள் என்று எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்பதைப் பொறுத்தது. எனக்கென்றால், அந்த வரியை மாற்றாமல் மொத்தத் தொகை கொடுக்க மாட்டேன். "காலி செய்யும் நாளுக்குப் பின் மீதமுள்ள வாடகைகளின் அன்றைய மதிப்பு, மாதம் 1 சதவீத வட்டியில், ஒவ்வொரு வாடகையும் ஒன்றாம் தேதி கட்டப்படுவதாகக் கொண்டு" என்று எழுதச் சொல்லுங்கள். மேலே சொன்ன நாளில் அது 3,31,245 வரும். உரிமையாளர் தான் கொடுத்த கழிவு அளவுக்கு அதைக் குறைக்கச் சொல்லி 3,27,451 என்றால் ஒப்புக்கொள்ளுங்கள், அது நியாயம்தான். பாதிதான் தருவேன் என்று நின்றால், மாதாமாதம் ஒன்றாம் தேதி 20,000 கட்டிக்கொண்டு போங்கள்.